உண்மையான வட்டி எவ்வளவு: பைசெக்‌ஷனா, நியூட்டனா?

ஒரு லட்ச ரூபாய் வண்டிக் கடன். "பத்து பர்சன்ட் ஃப்ளாட் ரேட், மூணு வருஷம்" என்கிறார் கடையில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ்காரர். வருடத்துக்குப் பத்தாயிரம் வட்டி, மூன்று வருடத்துக்கு முப்பதாயிரம், மொத்தம் 1,30,000. அதை 36-ஆல் வகுத்தால் மாதத் தவணை 3,611 ரூபாய் 11 காசு. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். கடைசி மாதம் நம்மிடம் பாக்கி நிற்கும் அசல் மூன்றரை ஆயிரம்தான், வட்டியோ கடைசிவரை முழு லட்சத்துக்கும் போட்டாகிவிட்டது. ஆக, குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி விகிதம் பத்தை விட நிறையவே கூட இருக்கும். எவ்வளவு கூட?

மாத வட்டி r என்று வைத்துக்கொண்டால், 36 தவணைகளின் இன்றைய மதிப்பைக் கூட்டினால் கைக்கு வந்த கடன் தொகை கிடைக்க வேண்டும்:

```
100000 = 3611.11/(1+r) + 3611.11/(1+r)^2 + ... + 3611.11/(1+r)^36
```

இது 36-ஆம் படிச் சமன்பாடு. r-ஐ ஒரு பக்கம் பிரித்தெடுக்கும் சூத்திரம் கிடையாது. ஒரு மதிப்பை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எப்படித் திருத்துவது என்பதில்தான் இரண்டு பள்ளிகள். விடை இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பைசெக்‌ஷன் ஒன்று. வளைகோட்டின் சரிவைப் பார்த்து நேராக விடையை நோக்கித் தாவும் நியூட்டன்–ராப்சன் இன்னொன்று. தவணைக் கணக்கு போடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?

வர்க்கமூலத்தில் போட்டியே இல்லை

நியூட்டனுக்கு இவ்வளவு நல்ல பெயர் வரக் காரணம் வர்க்கமூலம்தான் என்று நினைக்கிறேன். வர்க்கமூலத்துக்கு அந்த முறையை எழுதினால், நியூட்டனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் ஹெரோன் எழுதிவைத்த அதே வழிதான் வருகிறது. அவர் எடுத்துக்கொண்ட எண் 720. 27-ன் வர்க்கம் 729, அதனால் 27-ல் தொடங்குகிறார். 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26⅔. இரண்டில் ஒன்று விடையை விடப் பெரிது, மற்றது சிறிது. சராசரி எடுத்தால் 26⅚, அதாவது 26.8333. உண்மையான விடை 26.83281573. ஒரே படியில் இரண்டு தசமம் ஒட்டிவிட்டது. அதே வேலையை இன்னொரு முறை செய்தால் பிழை ஏறத்தாழ 0.000000005. விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது.

பைசெக்‌ஷனில் 26-க்கும் 27-க்கும் நடுவே ஆரம்பித்து, இடைவெளியை இதே அளவுக்குக் குறுக்க 28 முறை பாதியாக்க வேண்டும். இரண்டு படி எங்கே, 28 படி எங்கே! அதோடு இங்கே நியூட்டனுக்கு ஆபத்தும் இல்லை. எந்த நேர்ம எண்ணில் தொடங்கினாலும் முதல் படிக்குப் பிறகு விடைக்கு மேலே நின்றுகொண்டு ஒழுங்காக இறங்கிவரும். ஆகவே வர்க்கமூலத்தை நீங்களே எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், ஹெரோன் வழிதான்.

பைசெக்‌ஷனில் வர்க்கமூலம் எழுதுபவர்களுக்கு ஒரு பழைய பள்ளம் காத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இடைவெளியை 0 முதல் n வரை என்று வைத்துவிடுவார்கள். n = 2 என்றால் சரிதான். n = 0.25 கொடுத்துப் பாருங்கள். விடை 0.5, அது 0 முதல் 0.25 வரையிலான இடைவெளியில் இல்லவே இல்லை. புரோகிராம் சத்தம் போடாமல் 0.25 என்ற மேல் முனையையே விடை என்று நீட்டும். மேல் முனை `max(1, n)` ஆக இருக்க வேண்டும்.

வட்டிக்கு வரும்போது

முதலில் பைசெக்‌ஷன். வட்டி கூடினால் தவணைகளின் இன்றைய மதிப்பு குறையும், எப்போதும் ஒரே திசைதான். வருட வட்டி 0% என்றால் அந்த மதிப்பு 1,30,000. 60% என்றால் அறுபதாயிரத்துக்குக் கீழே. நமக்கு வேண்டிய ஒரு லட்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் விடையும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். 30% போட்டால் 85,064 வருகிறது, வட்டி அதிகமாகிவிட்டது. 15% போட்டால் 1,04,171, வட்டி போதாது. 22.5%-க்கு 93,918, அதிகம். 18.75%-க்கு 98,854, இதுவும் கொஞ்சம் அதிகம். நான்கு படியில் விடை 15-க்கும் 18.75-க்கும் இடையில் மாட்டிக்கொண்டது. இப்படியே போனால் 13-வது படியில் இடைவெளி 0.01%-க்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் 60-ஐ 2-ன் 13-ஆம் அடுக்கான 8192-ஆல் வகுத்தால் 0.0073. இந்தப் பதின்மூன்றை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிட முடிகிறது. கடன் என்ன, தவணை என்ன என்று தெரிந்துகொள்ளக்கூட வேண்டாம். விடை: வருடத்துக்கு 17.92%.

பத்து என்றார்கள், பதினெட்டை ஒட்டி நிற்கிறது. அது தனிக் கதை.

இப்போது நியூட்டன். ஃப்ளாட் ரேட்டான 10%-லேயே தொடங்குவோம். முதல் தாவல் 17.32%, இரண்டாவது 17.914%, மூன்றாவது 17.918%. மூன்றே படி. ஒவ்வொரு படியிலும் சரிவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருப்பதால் ஒரு படியின் உழைப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டாலும், 13-க்கு எதிராக 6. வேகத்தில் நியூட்டன்தான்.

ஆனால் தொடக்கத்தை மாற்றிப் பாருங்கள். 60%-ல் தொடங்கினால் முதல் தாவலிலேயே வருடத்துக்கு மைனஸ் 2.9% என்ற இடத்தில் போய் விழுகிறது. கடன் கொடுத்தவர் நமக்கு வட்டி கட்டுகிறார் என்று அர்த்தம்! வளைகோடு ஒரே பக்கமாக வளைந்திருப்பதால் அங்கிருந்தும் மெல்ல ஏறி விடைக்கு வந்துவிடும், அதில் தப்பித்தோம். மாதம் 20% என்று தொடங்கினால் நிலைமை மோசம். மாத வட்டி மைனஸ் 72%-க்குப் பறந்துவிடுகிறது. அந்த இடத்தில் வளைகோடு செங்குத்தாக நிற்பதால், ஒவ்வொரு படியும் (1+r)-ஐ மூன்று சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உயர்த்துகிறது. திரும்பி வர நாற்பது படிக்கு மேல் ஆகும். அந்த வேகப் பெருமையெல்லாம் விடைக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

பொய் விடை

இதுவரை சொன்னதெல்லாம் சமன்பாட்டை 36 உறுப்புகளின் கூட்டலாக எழுதியதால் வந்த நல்ல காலம். பலர் அப்படி எழுதுவதில்லை. பெருக்குத்தொடரின் கூட்டல் சூத்திரத்தைப் போட்டு, கீழே இருக்கும் r-ஐ மேலே கொண்டுவந்து இப்படி எழுதிவிடுவார்கள்:

```
f(r) = 3611.11*(1 - (1+r)**-36) - 100000*r
```

பார்க்க அழகு. லூப் வேண்டாம், வகுத்தலும் இல்லை. ஆனால் r = 0 போட்டால் f-ம் பூச்சியம். r-ஆல் பெருக்கியபோது, கேட்காமலேயே ஒரு மூலம் உள்ளே வந்துவிட்டது. 0% வட்டி இந்தச் சமன்பாட்டுக்கு முறையான விடை, கடனுக்குத்தான் விடை இல்லை.

இதை நியூட்டனிடம் கொடுத்து வருடத்துக்கு 6%-ல் தொடங்கச் சொன்னால் முதல் படி மைனஸ் 7.9%. அங்கிருந்து ஒழுங்காக, வேகமாக, படிப்படியாக 0-க்கு வந்து நிற்கும். அடுத்தடுத்த ஊகங்களின் வித்தியாசம் சின்னது, f-ன் மதிப்பும் சின்னது. எந்த நிறுத்தச் சோதனையை வைத்திருந்தாலும் "முடிந்தது" என்றுதான் சொல்லும். திரையில் வட்டி 0.00%. இந்த வளைகோட்டின் உச்சி 8.54%-ல் இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் தொடங்கினால் பொய் விடை, வலப்பக்கம் தொடங்கினால் மெய் விடை. 10%-ல் தொடங்கினால் உச்சிக்கு மிகப் பக்கத்தில், சரிவு குறைவான இடத்தில் நிற்கிறோம். அதனால் முதல் தாவல் 37% வரை எகிறி, பிறகு திரும்பி இறங்குகிறது. கூட்டல் வடிவத்தில் மூன்று படியில் முடிந்த அதே கணக்கு, அதே தொடக்கம்!

பைசெக்‌ஷன் இதில் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமாக எழுதப்படும் சோதனை `if f(lo)*f(mid) < 0: hi = mid`, இல்லாவிட்டால் `lo = mid`. lo = 0 என்று தொடங்கினால் f(lo) துல்லியமாகப் பூச்சியம், பெருக்கல் பலனும் பூச்சியம், அது 0-ஐ விடச் சிறியது இல்லை. ஆகவே lo நடுப்புள்ளிக்கு, அதாவது 30%-க்கு நகர்கிறது. உண்மையான விடை இடப்பக்கமே தங்கிவிட்டது. இனி இரண்டு முனையிலும் f எதிர்மம்தான். ஒவ்வொரு படியிலும் lo மட்டும் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் 60% என்ற முனையை விடையாகத் தரும். நியூட்டன் 0% என்றது, இது 60% என்கிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. பைசெக்‌ஷனின் தவறை ஒரு வரியில் முன்கூட்டியே பிடிக்கலாம்: தொடங்குமுன் இரு முனைகளிலும் குறி வேறுபடுகிறதா என்று பார்த்தால் போதும். வேறுபடாவிட்டால் மேலே போகாமல் நின்றுவிடலாம். நியூட்டனில் அப்படி ஒரு வாசல் சோதனை கிடையாது. கிடைத்த விடையைப் பார்த்து "இது நடக்கிற கதையா?" என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். முனையோடு ஒட்டிய விடை வந்தால் பைசெக்‌ஷனைச் சந்தேகப்படுங்கள். 0 அல்லது மைனஸ் வந்தால் நியூட்டனைச் சந்தேகப்படுங்கள்.

எங்கே நிறுத்துவது

நிறுத்தும் எல்லையை, அதாவது டாலரன்ஸை, பலரும் `1e-6` என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். எதை அந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

கூட்டல் வடிவத்தில் f-ன் மதிப்பு, அதாவது இன்றைய மதிப்புக்கும் கடனுக்கும் உள்ள ரூபாய் வித்தியாசம், ஒரு ரூபாய்க்குள் வந்தால் நிறுத்தலாம் என்று வைப்போம். நம் வண்டிக் கடனில் வருட வட்டி ஒரு சதவீதம் மாறினால் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,390 ரூபாய் மாறுகிறது. ஆக ஒரு ரூபாய்ப் பிழை என்பது வட்டியில் 0.0007%. தாராளமாகப் போதும். அதே புரோகிராமை ஆயிரம் ரூபாய், மூன்று மாதத் தவணை என்ற சின்னக் கடனுக்கு ஓட்டினால் ஒரு சதவீத வட்டிக்கு மாறும் தொகையே ஒன்றரை ரூபாய் அளவுதான். அப்போது அதே ஒரு ரூபாய் டாலரன்ஸ் வட்டியில் அரை சதவீதத்துக்கும் மேலான பிழையை விட்டுவிடும். வளைகோடு தட்டையாகப் படுத்திருக்கும் இடத்தில் f சின்னதாக இருப்பதற்கும் விடை பக்கத்தில் இருப்பதற்கும் தொடர்பு குறைவு. வர்க்கமூலத்தில் இது இன்னும் அப்பட்டம். 0.000001-ன் வர்க்கமூலம் 0.001. ஊகம் 0.003 என்றால் அதன் வர்க்கம் 0.000009, வித்தியாசம் 0.000008. டாலரன்ஸ் 0.00001 என்றால் இது தேர்ச்சி! விடையைப் போல மூன்று மடங்கு எண்ணை விடை என்று ஏற்றுக்கொண்டாயிற்று.

சரி, f வேண்டாம், hi − lo இடைவெளியையே பார்ப்போம் என்றால் பெரிய எண்களில் வேறு சிக்கல். 10²⁰-ன் வர்க்கமூலம் 10¹⁰. அந்த உயரத்தில் டபுள் வகை எண்கள் ஒன்றுக்கொன்று சுமார் 0.0000019 இடைவெளி விட்டுத்தான் நிற்கின்றன. டாலரன்ஸ் `1e-9` என்று போட்டிருந்தால் lo-வும் hi-யும் பக்கத்துப் பக்கத்து எண்களாக வந்த பிறகும் இடைவெளி அதை விடப் பெரிதாகவே இருக்கும். நடுப்புள்ளி கணக்கிட்டால் அது ஏதாவதொரு முனையிலேயே போய் ஒட்டும். லூப் நிற்காது, மின்விசிறிதான் வேகமாகச் சுற்றும். அதனால் எல்லையை விடையின் அளவோடு சேர்த்து வைக்க வேண்டும்: `hi - lo > atol + rtol*abs(mid)`. ஒரு சிறு நிலையான பகுதி, விடைக்கு ஏற்ப வளரும் ஒரு பகுதி. கூடவே, எத்தனை படி ஓடலாம் என்பதற்கும் ஓர் உச்சவரம்பு.

வட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, மாத வட்டியாக விடை எப்போதும் 0-க்கும் 0.05-க்கும் இடையில்தான். நிலையான எல்லை போதும். ஆனால் பைசெக்‌ஷனின் இடைவெளியையும் நியூட்டனின் கடைசித் தாவலின் நீளத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முன்னது உத்தரவாதம்: விடை இந்த இரண்டு எண்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. பின்னது வெறும் மதிப்பீடு. மாதம் 20%-ல் தொடங்கி மைனஸ் 72%-ல் தவழ்ந்துகொண்டிருந்த நியூட்டனின் தாவல் நீளம் 0.01-க்கும் கீழே, விடையோ இன்னும் வெகு தொலைவில்.

நான் எதை எடுப்பேன்

ஒரு கடன், ஒரு விடை, பட்டனை அழுத்தினால் திரையில் வர வேண்டும் என்றால் பைசெக்‌ஷன்தான், தயக்கமே இல்லை. பதினைந்து பதினாறு படிகள் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. கூட்டல் வடிவத்தில் எழுதினால் r = 0-லும் உடையாது, பொய் மூலமும் வராது.

```python
def pv(r, emi, n):
    return sum(emi / (1 + r)**k for k in range(1, n + 1))

def rate(loan, emi, n, lo=0.0, hi=0.05, tol=1e-6):
    if not pv(lo, emi, n) > loan > pv(hi, emi, n):
        raise ValueError("விடை இந்த எல்லைக்குள் இல்லை")
    while hi - lo > tol:
        mid = (lo + hi) / 2
        if pv(mid, emi, n) > loan:
            lo = mid
        else:
            hi = mid
    return (lo + hi) / 2
```

`rate(100000, 3611.11, 36)*12` என்று கேட்டால் 0.1792. இதே கடனில் பிராசஸிங் கட்டணம் என்று 2,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 98,000. அதைப் போட்டால் 19.38%. இரண்டாயிரம் ரூபாய் ஒன்றரை சதவீதத்தை ஏற்றிவிடுகிறது. தவணைத் தொகை கடனைத் தீர்க்கவே போதாத அளவுக்குத் தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலோ, வட்டி வருடத்துக்கு 60%-ஐத் தாண்டினாலோ, முதல் `if` வரியிலேயே நின்றுவிடும். தப்பான எண் ஒன்றைத் திரையில் காட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

லட்சக்கணக்கான கடன்களை ராத்திரி ஒரே மூச்சில் ஓட்டுகிறீர்கள் என்றால் நியூட்டனின் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். அப்போதும் தனியாக விடாமல் lo, hi என்ற வேலியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். தாவல் வேலிக்கு உள்ளே விழுந்தால் ஏற்றுக்கொண்டு, வெளியே விழுந்தால் அந்தப் படிக்கு மட்டும் பாதியாக்குவது. 60%-ல் தொடங்கி மைனஸுக்குப் போன அந்தத் தாவல் இந்த வேலியில் முட்டியிருக்கும். சரிவைக் கணக்கிடச் சோம்பலாக இருந்தால், இதே கலப்பு எண்ணத்தில் 1973-ல் ரிச்சர்ட் பிரென்ட் வெளியிட்ட முறை `scipy.optimize.brentq` என்று தயாராகவே கிடைக்கிறது. அதுவும் இரு முனைகளிலும் குறி மாறாவிட்டால் வேலை செய்ய மறுக்கும்.

எக்செல் போதும் என்பவர்களுக்கு `=RATE(36,-3611.11,100000)*12`. தவணைக்கு மைனஸ் குறி போட மறக்கக் கூடாது. உள்ளே அதுவும் ஊகித்துத் திருத்தும் வேலைதான்: 20 சுற்றுக்குள் அடுத்தடுத்த விடைகள் 0.0000001 அளவுக்கு நெருங்காவிட்டால் `#NUM!` என்று கைவிரித்துவிடும். தொடக்க ஊகம் சொல்லாவிட்டால் அது தவணைக் காலத்துக்கு 10% என்று எடுத்துக்கொள்கிறது, அதாவது நம் கணக்கில் மாதத்துக்கு 10%. `#NUM!` வந்தால் கடைசி இடத்தில் 0.01 என்று ஓர் ஊகத்தைக் கொடுங்கள்: `=RATE(36,-3611.11,100000,0,0,0.01)*12`. அதற்கும் மசியாவிட்டால் மைனஸ் குறியை ஒருமுறை சரிபாருங்கள்.